நடுவாண்டில் வேலையை விடும் ஆசிரியர்: மதிப்பெண்களை எந்த நாளில் கைமாற்றுவது?

"ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டேன். வகுப்புப் பதிவேடுகளையும் மதிப்பெண்களையும் ஒப்படைத்துவிட்டுத்தான் போவேன் என்று அதிலேயே எழுதிவிட்டேன். ஆனால் நோட்டீஸ் காலம் முடிவதற்குள் பருவத்தேர்வு வருகிறது. திருத்திக் கொடுத்துவிட்டுப் போவதா, இருக்கிறபடி கொடுத்துவிட்டுப் போவதா?"

ஆண்டின் நடுவில் விலகுகிற ஆசிரியர்களில் பலர் வந்து நிற்கிற இடம் இது. ஒப்படைக்க மனம் இருக்கிறது, எந்த நாளில், எந்த நிலையில் ஒப்படைப்பது என்பதில்தான் குழப்பம். நான் இரண்டு பக்கமும் நின்றிருக்கிறேன். ஒருமுறை நடுவாண்டில் விலகினேன். இன்னொருமுறை, விலகிப் போன ஒருவரின் வகுப்பை நடுவாண்டில் எடுத்துக்கொண்டேன். இரண்டாவது அனுபவம்தான் எனக்கு அதிகம் கற்றுக் கொடுத்தது. என் கைக்கு வந்த மதிப்பெண் பதிவேட்டில் எண்கள் வரிசையாக இருந்தன. 14, 9, 17, ஒரு காலிக் கட்டம், 11, சிவப்பு வட்டம் போட்ட ஒரு 6. அந்த 14 எத்தனைக்கு? காலிக் கட்டம் என்றால் பிள்ளை வரவில்லையா, தாள் இன்னும் திருத்தவில்லையா? சிவப்பு வட்டம் என்றால் தோல்வியா, மறுதேர்வா? பதிவேடு முழுதாக இருந்தும், படித்துச் சொல்ல ஆள் இல்லாமல் போனது. கடைசியில் ஒரு தேர்வை மறுபடி நடத்த வேண்டியதாயிற்று. முதல் தடவை நன்றாக எழுதியிருந்த பிள்ளைகளுக்கு அது அநியாயம்.

பொதுவாகப் பேசினால் பிடி கிடைக்காது என்பதால் ஒரு கணக்கை வைத்துக்கொண்டு ஒப்பிடுகிறேன்.

## எடுத்துக்கொள்ளும் கணக்கு

கணித ஆசிரியை ஒருவர் எட்டாம் வகுப்பின் இரண்டு பிரிவுகளுக்குப் பாடம் எடுக்கிறார். ஒன்றில் 34 பேர், இன்னொன்றில் 36 பேர், ஆக 70 பேர். மாதம் 1ஆம் தேதி, திங்கட்கிழமை ராஜினாமா கொடுக்கிறார். நியமனக் கடிதத்தின்படி நோட்டீஸ் காலம் 30 நாள், எனவே 30ஆம் தேதி கடைசி நாள். கணிதத் தேர்வு 25ஆம் தேதி. மதிப்பெண்களைப் பள்ளியின் மென்பொருளில் ஏற்ற அடுத்த மாதம் 8ஆம் தேதி வரை நேரம் உண்டு. புதிய வேலையில் 3ஆம் தேதி சேரச் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு விடைத்தாளுக்கு 12 நிமிடம் என்று வைத்தால் 70 தாளுக்கு 14 மணி நேரம். தேர்வுக் கண்காணிப்புக்கு நடுவே ஒரு நாளைக்கு அவருக்கு 80 நிமிடம் ஓய்வு கிடைக்கிறது. 25ஆம் தேதிக்குப் பிறகு அவருக்கு இருக்கும் வேலை நாட்கள் 26, 29, 30 என்று மூன்றுதான். அதாவது பள்ளியிலேயே உட்கார்ந்தால் 4 மணி நேரம், 20 தாள். மீதி 50 தாள் அப்படியே நிற்கும்.

"எல்லாம் முடித்துக் கொடுத்துவிட்டுப் போகிறேன்" என்று வாக்குக் கொடுப்பதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். எனக்குத் தெரிந்து பலரும் கடைசி வாரத்தில்தான் போடுகிறார்கள்.

## எதை வைத்து எடை போடுவது

மூன்று கேள்விகள் போதும்.

முதலாவது, நான் இல்லாத இடத்தில் இந்த மதிப்பெண்ணை இன்னொருவர் விளக்க முடியுமா? "என் பிள்ளைக்கு ஏன் 11?" என்று ஒரு பெற்றோர் வந்து கேட்டால், பதிவேட்டையும் தாளையும் மட்டும் வைத்துக்கொண்டு புதியவர் பதில் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, ஒரு தேர்வை ஒரே அளவுகோலில் திருத்தியிருக்கிறதா? விடை தவறு, ஆனால் வழிமுறை சரி என்றால் 5க்கு 3 போடுபவரும் உண்டு, 1 போடுபவரும் உண்டு. இரண்டும் தப்பில்லை. ஆனால் ஒரே வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு 3, மீதிப் பாதிக்கு 1 என்றால் தப்பு.

மூன்றாவது, ஒப்படைத்த பிறகு கேள்வி வந்தால் யார் பொறுப்பு? அதற்கு எழுத்தில் ஆதாரம் இருக்கிறதா? பணிவிடுவிப்புக் கடிதம், கடைசி மாதச் சம்பளம், அனுபவச் சான்றிதழ் எல்லாம் பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான் சிக்கிக்கொள்கின்றன.

## முதல் வழி: நோட்டீஸ் முடியும் நாளில், இருக்கிறபடி

30ஆம் தேதி வரை முடிந்ததைத் திருத்துவது, மீதித் தாள்களைக் கட்டி ஒப்படைப்பது, கிளம்புவது. நியமனக் கடிதம் கேட்பது இவ்வளவுதான். புதிய வேலைக்கும் இடைஞ்சல் இல்லை.

மறைந்திருக்கும் செலவு முழுவதும் இரண்டாவது கேள்வியில் இருக்கிறது. 20 தாள் உங்கள் கை, 50 தாள் வேறு கை. அந்த 20 தாளும் வழக்கமாக வரிசை எண்ணில் முதல் 20 ஆகத்தான் இருக்கும். அப்படியென்றால் ஒரு பிரிவின் பாதிக்கு ஓர் அளவுகோல், மற்றவர்களுக்கு வேறொன்று. புதியவர் நேர்மையானவராக இருந்தால் உங்கள் 20 தாளையும் மறுபடி திருத்துவார். நீங்கள் உழைத்த 4 மணி நேரம் வீணாகும்.

இதைச் சரிசெய்ய ஒரு வழி உண்டு. தாள் தாளாகத் திருத்தாமல் பகுதி பகுதியாகத் திருத்துங்கள். வினாத்தாளின் முதல் பகுதியில் பத்துச் சிறு வினாக்கள் இருக்கின்றன, அதற்கு ஒரு தாளுக்கு 3 நிமிடம் ஆகும் என்று வையுங்கள். 70 தாளுக்கு 210 நிமிடம். கையில் இருக்கும் 240 நிமிடத்துக்குள் அது அடங்கிவிடும். இப்போது "முதல் பகுதி, 70 பேருக்கும், திருத்தியாயிற்று" என்று ஒப்படைக்கலாம். அந்தப் பகுதி முழுக்க ஒரே கை. நெடுவினாக்கள் முழுக்க இன்னொரு கை. எந்தப் பிள்ளைக்கும் பாதிப்பில்லை. எங்கே நிறுத்தினோம் என்பதில் சந்தேகமும் வராது.

நோட்டீஸ் காலத்துக்குள் பெரிய தேர்வு எதுவும் விழாதபோது இந்த வழியே போதும். குடும்பத்தில் அவசரம், உடல்நலம் என்று நாளைத் தள்ளவே முடியாத நிலையிலும் இதுதான். அப்படிப் போகிறவர்கள் மனம் உறுத்திக்கொண்டு போக வேண்டியதில்லை. பகுதி பகுதியாகத் திருத்தி, எங்கே நிற்கிறது என்று எழுதிக் கொடுத்தால் அது முறையான ஒப்படைப்புதான்.

## இரண்டாம் வழி: தேர்வுக்கு முன்பே மதிப்பெண்களை மூடிவிடுவது

பலருக்குத் தோன்றாத வழி இது. நான் முதலில் பார்க்கச் சொல்வதும் இதைத்தான். விலகும் நாளும் மதிப்பெண் ஒப்படைக்கும் நாளும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

நம் ஆசிரியை 30ஆம் தேதிதான் போகிறார். ஆனால் 23ஆம் தேதி வரையிலான அலகுத் தேர்வு, பிள்ளைகள் எழுதித் தந்த ஒப்படைப்பு வேலை, செயல்திட்டம் எல்லாவற்றின் மதிப்பெண்களையும் அன்றே முடித்து, கையொப்பமிட்டு, பொறுப்பேற்கப் போகிறவரிடம் கொடுத்துவிடுகிறார். 25ஆம் தேதித் தேர்வை முழுக்கப் புதியவர் திருத்துகிறார். மீதி இருக்கும் நாட்கள் இரண்டு பேரும் ஒரே இடத்தில் இருக்கும் நாட்கள்.

அந்த நாட்களின் அருமையை வகுப்பை எடுத்துக்கொண்டவர்களிடம் கேட்க வேண்டும். பதிவேட்டைப் புரட்டுகிறவருக்கு எழுகிற சந்தேகங்கள் முதல் இரண்டு மூன்று நாளில்தான் எழும். அப்போது கேட்க ஆள் பக்கத்து மேசையில் இருந்தால், "இந்தக் காலிக் கட்டம் என்ன?" என்ற கேள்வி அரை நிமிட வேலை. ஆள் போய்விட்டால் அதே கேள்விக்கு ஒரு வாரம்கூட ஆகலாம்.

திருத்தும் அளவுகோலையும் இங்கே கைமாற்ற முடியும். 26ஆம் தேதி ஐந்து விடைத்தாளைப் படியெடுத்து, இருவரும் ஒருவர் போட்டதை ஒருவர் பார்க்காமல் திருத்துங்கள். அப்புறம் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். மொத்தம் ஒன்றாக வந்ததா என்று மட்டும் பார்க்காதீர்கள், எந்தப் படிக்கு எத்தனை போட்டீர்கள் என்று பாருங்கள். மொத்தம் ஒன்றாக இருந்தும் உள்ளே வேறு வேறாக இருக்கும். ஒருவர் அலகு எழுதாததற்கு அரை மதிப்பெண் கழித்திருப்பார், மற்றவர் அதை விட்டுவிட்டு வேறு எங்கோ கழித்திருப்பார். இந்த ஒரு மணி நேரத்தில் தீர்மானிப்பதை விடைக்குறிப்பின் ஓரத்திலேயே எழுதி வைத்துவிட்டால், அடுத்த பருவத்துக்கும் அது உதவும்.

இதன் செலவு என்ன? பொறுப்பேற்பவர் 23ஆம் தேதிக்குள் யார் என்று முடிவாகியிருக்க வேண்டும். பள்ளிகள் இதில்தான் தாமதம் செய்கின்றன. புதிய ஆள் கிடைக்கவில்லை என்றால், அதே பாடம் எடுக்கும் இன்னோர் ஆசிரியரைத் தற்காலிகமாகக் குறித்துத் தரும்படி தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். 70 தாள் கூடுதலாக அவர் தலையில் விழுகிறது. அதை ஒளிக்காமல் சொல்லி, அவருடைய கண்காணிப்பு வேலைகளை நீங்கள் எடுத்துக்கொள்வதாகச் சொல்லுங்கள். நீங்கள் திருத்தப்போவதில்லை என்பதால் உங்களிடம் அந்த நேரம் இருக்கும்.

## மூன்றாம் வழி: மதிப்பெண் ஏற்றி முடியும்வரை நாளைத் தள்ளுவது

30க்குப் பதில் அடுத்த மாதம் 8ஆம் தேதி கடைசி நாள். கூடுதலாக ஆறு வேலை நாள் கிடைக்கிறது. மொத்தம் ஒன்பது நாள், நாளுக்கு 80 நிமிடம், ஆக 12 மணி நேரம். திருத்த மட்டும் 14 மணி நேரம் வேண்டும். மதிப்பெண் ஏற்றுவதும் சரிபார்ப்பதும் தனி. ஆக, தள்ளிப் போட்ட பிறகும் வீட்டில் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை கொஞ்சம் இருக்கத்தான் செய்யும்.

பிள்ளைகளின் பக்கம் நின்று பார்த்தால் இதுதான் சுத்தமான வழி. ஒரே கை, ஒரே அளவுகோல், முழுப் பருவமும் மூடிய நிலையில் கைமாறுகிறது. புதியவர் அடுத்த பருவத்தை வெள்ளைத்தாளில் தொடங்கலாம். பொதுத்தேர்வு வகுப்புகளிலும், அகமதிப்பீட்டு மதிப்பெண் வெளியே அனுப்பப்படும் வகுப்புகளிலும் நான் இந்த வழியைத்தான் சொல்வேன். அங்கே பாதியில் கைமாறிய மதிப்பெண்ணைப் பின்னால் திருத்துவது மிகவும் கடினம்.

ஆனால் இரண்டு செலவு உண்டு. ஒன்று கண்ணுக்குத் தெரிவது, புதிய வேலையில் 3ஆம் தேதி சேர முடியாது. இதை ராஜினாமா எழுதுவதற்கு முன்னால் கேட்க வேண்டும். "நடக்கிற பருவத்தின் மதிப்பெண்களை முடித்துவிட்டு 9ஆம் தேதி வரட்டுமா?" என்று கேட்டால் ஒத்துக்கொள்கிற இடங்கள் உண்டு. அங்கேயும் வகுப்புகள்தானே நடக்கின்றன.

இன்னொன்று கண்ணுக்குத் தெரியாதது. "மதிப்பெண் வேலை முடிந்தபின் விலகுகிறேன்" என்று தேதி இல்லாமல் எழுதிவிட்டால், அந்த வேலை முடிவதே இல்லை. மதிப்பெண் ஏற்றியபின் முன்னேற்ற அறிக்கை வரும், அப்புறம் பெற்றோர் சந்திப்பு வரும், அப்புறம் "இந்த மாதம் மட்டும்" என்று வரும். நீட்டிப்பதாக இருந்தால் கட்டாயம் தேதி போட்டு, புதிய கடைசி நாளை நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

## நான்காம் வழி: விலகிவிட்டு, வீட்டிலிருந்து திருத்தி அனுப்புவது

நல்ல மனசோடு எடுக்கிற முடிவு இது, நானும் எடுத்திருக்கிறேன். அதனால்தான் வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன்.

விலகிய பிறகு ஒரு கட்டு விடைத்தாளை வீட்டுக்கு எடுத்து வந்தேன். புதிய பள்ளியில் சேர்ந்த முதல் வாரம், இரவில் உட்கார்ந்து திருத்தினேன். மதிப்பெண்களை வரிசையாகத் தட்டச்சு செய்து பழைய பள்ளிக்குச் செய்தியாக அனுப்பினேன். 36 பேர் உள்ள பிரிவு அது. 17ஆம் எண் பிள்ளை அன்று தேர்வுக்கு வரவில்லை. நான் பெயர்ப்பட்டியல் இல்லாமல், தாள் கட்டில் இருந்த வரிசைப்படியே எண்களை அடித்தேன். வராத பிள்ளையின் இடத்தில் 18ஆம் எண்ணின் மதிப்பெண் போய் உட்கார்ந்தது. 18க்கு 19உடையது, 19க்கு 20உடையது என்று கடைசிவரை ஒவ்வோர் இடம் நகர்ந்துவிட்டது. கடைசி எண்ணுக்கு மதிப்பெண்ணே இல்லாமல் காலியாக இருந்ததைப் பார்த்துத்தான் அங்கே ஒருவர் கண்டுபிடித்தார். அதற்குள் முன்னேற்ற அறிக்கை வீடுகளுக்குப் போய்விட்டது. பத்தொன்பது பிள்ளைகளுக்குத் தவறான மதிப்பெண், ஒரு பிள்ளைக்கு மதிப்பெண்ணே இல்லை.

பள்ளிக்குள் இருந்திருந்தால் அந்தப் பிழையை அன்றே நான் பிடித்திருப்பேன், ஏனென்றால் பெயர்ப்பட்டியலும் வருகைப் பதிவேடும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருக்கும். வெளியே வந்துவிட்டால் மென்பொருளில் நுழைய அனுமதி இருக்காது, இருக்கவும் கூடாது. பிள்ளைகளின் தாள்கள் பள்ளிக்கு வெளியே, பள்ளியில் வேலை செய்யாத ஒருவரின் வீட்டில் கிடக்கும். ஒரு தாள் தொலைந்தால்? பெற்றோர் மறுகூட்டல் கேட்டால்? அந்த மதிப்பெண்ணுக்குக் கையொப்பமிடும் அதிகாரம் உங்களுக்கு அப்போது இல்லை. உழைப்புக்குச் சம்பளமும் கிடையாது. புதிய வேலையின் முதல் வாரமும் பாழ்.

ஒரே ஒரு சூழலில் மட்டும் இதை யோசிக்கலாம். அந்தப் பாடம் தெரிந்த வேறு யாருமே பள்ளியில் இல்லை, நிர்வாகம் தேதி குறிப்பிட்டு, தற்காலிகப் பணி என்று எழுத்தில் தந்து, பள்ளிக்கே வந்து உட்கார்ந்து திருத்தச் சொல்கிறது. அப்போதும் தாள்கள் பள்ளியின் வாசலைத் தாண்ட வேண்டாம்.

## நான்கையும் பக்கத்தில் வைத்தால்

| வழி | பிறரால் விளக்க முடியுமா | ஒரே அளவுகோல் | பின்னால் கேள்வி வந்தால் | விலகுபவருக்குச் செலவு |
|---|---|---|---|---|
| 30ஆம் தேதி, இருக்கிறபடி | குறிப்புத்தாள் இருந்தால் முடியும் | பகுதி பகுதியாகத் திருத்தினால் மட்டும் | புதியவர் | மிகக் குறைவு |
| 23இல் மதிப்பெண் மூடி, 30இல் விலகல் | நன்றாக முடியும் | ஆம், புதியவரின் கை | 23 வரை நீங்கள் கையொப்பமிட்டது, பிறகு புதியவர் | பொறுப்பேற்பவரை முன்னதாகக் கேட்டு வாங்கும் உழைப்பு |
| 8ஆம் தேதி வரை நீட்டிப்பு | முடியும் | ஆம், உங்கள் கை | மூடிய பருவம், ஆதாரம் பள்ளியில் | புதிய வேலையின் சேரும் நாள் |
| விலகியபின் வீட்டிலிருந்து | கடினம் | ஆம் | யார் என்று தெளிவில்லை | அதிகம் |

நம் கணித ஆசிரியைக்கு எது? எட்டாம் வகுப்பு, வெளித்தேர்வு இல்லை. 3ஆம் தேதி சேர வேண்டும். அதே பாடம் எடுக்கும் சக ஆசிரியர் ஒருவர் இருந்தால் இரண்டாம் வழி. இல்லையென்றால் முதல் வழி, பகுதி பகுதியாகத் திருத்தி. இதே ஆசிரியை பொதுத்தேர்வு வகுப்பு எடுப்பவராக இருந்தால், புதிய பள்ளியிடம் ஒரு வாரம் கேட்டுவிட்டு மூன்றாம் வழிக்குப் போகச் சொல்வேன்.

## எந்த வழியானாலும் பதிவேட்டோடு போக வேண்டிய ஒரு தாள்

பதிவேட்டை மட்டும் கொடுத்தால் எண்கள் மட்டும்தான் போகும். அந்த எண்களைப் படிக்கும் முறையை ஒரே ஒரு தாளில் எழுதி, பதிவேட்டின் முன்பக்கத்தில் வையுங்கள். ஒவ்வொரு தேர்வுக்கும் தேதி, எத்தனை மதிப்பெண்ணுக்கு, பருவ மொத்தத்தில் எவ்வளவு சேரும், முடிந்ததா தற்காலிகமா என்பவை அதில் இருக்க வேண்டும். சிவப்பு வட்டம், புள்ளி, பென்சில் எண் என்று உங்களுக்கு மட்டும் தெரிந்த குறிகள் எல்லாவற்றுக்கும் பொருள் எழுதுங்கள். பென்சில் எண்களை இருக்கவிட்டுப் போகாதீர்கள். மையில் எழுதுங்கள் அல்லது நீக்குங்கள். மையில் எழுதியதை மாற்ற வேண்டியிருந்தால் ஒற்றைக்கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் போடுங்கள். வெள்ளை மை பூசினால், பழைய மதிப்பெண் என்ன என்ற கேள்விக்கு விடையே இல்லாமல் போய்விடும்.

காலிக் கட்டங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எக்செல் கோப்பாகக் கொடுக்கிறவர்களுக்கு இங்கேதான் பெரிய ஆபத்து. 25 மதிப்பெண் தேர்வு மூன்று. ஒரு பிள்ளை 18, 20 வாங்கி, மூன்றாவதற்கு வரவில்லை. சராசரிக்கு இப்படிப் போட்டிருக்கிறீர்கள்:

```
=AVERAGE(C2:E2)
```

மூன்றாவது கட்டம் காலியாக இருந்தால் இந்தச் சூத்திரம் அதைக் கணக்கில் எடுக்காது, சராசரி 19 வரும். அதில் 0 இருந்தால் எடுத்துக்கொள்ளும், சராசரி 12.67 ஆகிவிடும். "வ.இ" என்று எழுத்தில் இருந்தாலும் காலிக் கட்டம் போலவே விட்டுவிடும். நீங்கள் மருத்துவ விடுப்புக்குக் காலியாக விட்டிருப்பீர்கள். அடுத்தவர் "அழகாக இருக்கட்டும்" என்று காலி இடங்களில் எல்லாம் 0 நிரப்புவார். ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல் அந்தப் பிள்ளையின் மதிப்பெண் ஆறுக்கும் மேல் இறங்கிவிடும். ஆகவே ஒரு கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். விடுப்பில் இருந்தவருக்கு ஒரு குறி, தாள் கொடுக்காதவருக்கு 0, மறுதேர்வு பாக்கி என்றால் வேறு குறி. எந்தக் குறி கணக்கில் சேரும், எது சேராது என்பதைப் பள்ளியின் விதிப்படி முன்தாளில் எழுதுங்கள்.

கொடுப்பதற்கு முன் இரண்டு சரிபார்ப்பு. மதிப்பெண் பெற்றவர்கள், வராதவர்கள், பாக்கி உள்ளவர்கள் மூன்றையும் கூட்டினால் வகுப்பின் எண்ணிக்கை வர வேண்டும். அடுத்து, தாள் கட்டிலிருந்து ஏழெட்டுத் தாளை ஆங்காங்கே உருவி, மேலே உள்ள மொத்தமும் பெயருக்கு நேரே ஏறிய எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். கடைசி எண்ணின் தாள் கட்டாயம் அதில் இருக்கட்டும். எனக்கு நடந்தது போல வரிசை நகர்ந்திருந்தால் அங்கே தெரிந்துவிடும்.

பல பள்ளிகளின் மென்பொருளில் சேமிப்பது வேறு, சமர்ப்பிப்பது வேறு. சேமித்து மட்டும் வைத்திருந்தால் அது உங்கள் கணக்கில் மட்டும் தெரியும் வரைவாக இருக்கக்கூடும். கணக்கை மூடினால் அடுத்தவர் கண்ணுக்குப் படாது. பொறுப்பேற்பவரின் கணக்கில் திறந்து பார்க்கச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள். உங்கள் கடவுச்சொல்லைத் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டாம். பிறகு யார் எதை மாற்றினாலும் உங்கள் பெயரில்தான் பதிவாகும்.

பிள்ளைகளைப் பற்றிய தனிக் குறிப்புகளில் புதியவருக்கு வேலைக்கு உதவுவதை மட்டும் எழுத்தில் தாருங்கள். முன்வரிசையில் உட்கார வேண்டிய பார்வைக் குறைபாடு, கூடுதல் நேரம் தர வேண்டும் என்ற அனுமதி போன்றவை. குடும்பப் பிரச்சினை, வதந்தி, "இவன் இப்படித்தான்" என்பதெல்லாம் வேண்டாம். புதிய ஆசிரியரிடம் அந்தப் பிள்ளை புதிதாகத் தொடங்கட்டும்.

## கடிதத்தில் எப்படி எழுதுவது

விலகும் தேதி ஒரு வாக்கியம், ஒப்படைக்க முன்வருவது இன்னொரு வாக்கியம். இரண்டையும் ஒன்றுக்கொன்று நிபந்தனையாக முடிச்சுப் போடாதீர்கள். "ஒப்படைத்தபின் விலகுகிறேன்" என்றால் பொறுப்பேற்க ஆள் வராதவரை நீங்கள் கட்டுப்பட்டவர் ஆகிறீர்கள். "சம்பளம் தந்தால் மதிப்பெண் தருகிறேன்" என்ற பேச்சு, எவ்வளவு கோபம் இருந்தாலும், எழுத்திலும் வாயிலும் வரவே கூடாது. சம்பளப் பாக்கிக்குத் தனியாகக் கடிதம் எழுதிக் கேளுங்கள். மதிப்பெண் பிள்ளைகளுடையது.

இரண்டாம் வழிக்கு இப்படி எழுதலாம்:

> "என் பணியிலிருந்து விலகுகிறேன். நோட்டீஸ் காலத்தின்படி 30ஆம் தேதி என் கடைசி வேலை நாள். எட்டாம் வகுப்பு இரு பிரிவுகளின் வருகைப் பதிவேடு, 23ஆம் தேதி வரையிலான மதிப்பெண் பதிவேடு, திருத்திய விடைத்தாள்கள், பாடக்குறிப்பேடு ஆகியவற்றை 23ஆம் தேதி ஒப்படைக்க ஆயத்தமாக இருக்கிறேன். பெற்றுக்கொள்ள வேண்டியவரை 15ஆம் தேதிக்குள் குறித்துத் தரக் கேட்டுக்கொள்கிறேன். 24 முதல் 30 வரை அவருடன் இருந்து விளக்கங்கள் தருவேன். 25ஆம் தேதித் தேர்வின் விடைத்தாள்களை அவர் திருத்த ஏற்பாடு செய்யும்படியும் வேண்டுகிறேன்."

15ஆம் தேதி வந்தும் யாரையும் குறிக்கவில்லை என்றால் ஒருமுறை எழுத்தில் நினைவூட்டுங்கள். 23ஆம் தேதியும் ஆள் இல்லையென்றால் தலைமை ஆசிரியரிடமே ஒப்படையுங்கள். ஒப்படைப்புப் பட்டியல் இரண்டு பிரதி எடுத்து, ஒவ்வொரு பொருளுக்கும் எண்ணிக்கை எழுதுங்கள். "விடைத்தாள்கள்" என்று மட்டும் எழுதாமல் "இரண்டாம் அலகுத் தேர்வு விடைத்தாள் 34, வராதவர் 2" என்று எழுதுங்கள். இரண்டிலும் பெற்றவரின் கையொப்பமும் தேதியும் வேண்டும். கையொப்பமிடத் தயங்கினால், அன்றே அதே பட்டியலைப் பள்ளியின் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுங்கள். தேதியோடு பதிவு இருக்கும்.

அந்தப் பட்டியலின் பிரதியை நீங்கள் வைத்துக்கொள்ளலாம், வைத்துக்கொள்ளவும் வேண்டும். மதிப்பெண்களின் பிரதியை வைத்துக்கொள்ள வேண்டாம். கடைசி நாள் மாலை உங்கள் கைப்பேசியை ஒருமுறை பாருங்கள். திருத்தும்போது எடுத்த விடைத்தாள் படங்கள், சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வைத்த மதிப்பெண் கோப்பு, நீங்கள் நிர்வகிக்கும் பெற்றோர் குழு எல்லாம் அதில் இருக்கும். கோப்புகள் பள்ளியிடம் போய்ச் சேர்ந்தனவா என்று உறுதி செய்துகொண்டு அழித்துவிடுங்கள். குழுவின் நிர்வாகப் பொறுப்பைப் புதியவருக்கு மாற்றிவிட்டு, பெற்றோரிடம் ஒரு வரியில் சொல்லிவிட்டு வெளியேறுங்கள்.